ஆனி முடிவதற்குள் அடுத்த குடித்தனம்: வாடகை வீடு கைமாறும் 16 நாள் கணக்கு

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம், வருடத்தில் எந்த மாதம் வீடு காலியானால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் யோசிக்காமல் சொல்லும் பதில், ‘ஜூன் கடைசி’. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வீடு தேடுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால், ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் நம்மூரில் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு பிடித்திருந்தாலும், ‘ஆவணியில வந்துடறோம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆடி பார்க்காதவர்களும் உண்டு. அவர்களை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டுக்கு இந்த வருடம் அப்படித்தான் நேர்ந்தது. முதல் மாடியில் 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம். மாத வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் 54,000. ஓய்வுபெற்ற ஆசிரியையான வீட்டுக்காரம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். மூன்று வருடம் குடியிருந்த குடும்பத்துக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஜூன் 30-ம் தேதி காலி செய்வதாக மே மாதக் கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் வாடகை 600 ரூபாய். ஜூலை 16-ம் தேதிக்குள் யாராவது பால் காய்ச்சாவிட்டால், ஆவணி பிறக்கும்வரை 47 நாள் வீடு பூட்டிக் கிடக்கும். அதாவது 28,200 ரூபாய் போய்விடும். வெள்ளையடிக்க ஆகும் செலவைவிட அது அதிகம். இருப்பது 16 நாள். அதற்குள் ரிப்பேர், பெயின்ட், சுத்தம், பூட்டு எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆளும் கிடைத்தாக வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் இந்த நாட்கள் எங்கே வீணாகின்றன என்று பார்த்தால், வேலை செய்த நாட்களில் அல்ல. வேலைக்கு ஆள் வருவதற்காகக் காத்திருந்த நாட்களிலும், ஒரு வேலையை முன்பின்னாகச் செய்துவிட்டு மறுபடி செய்த நாட்களிலும்தான். இவை இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், வேலை தொடங்க வேண்டியது வீடு காலியாகும் அன்று அல்ல. நோட்டீஸ் சொன்ன அன்று.

ஓதம் காத்த சுவர்

ஜூன் முதல் வாரத்தில் வீட்டுக்காரம்மா, ‘எப்போ வந்து பார்க்கலாம்?’ என்று குடித்தனக்காரரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போனார். தமிழ்நாட்டில் இப்போதுள்ள 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர்கள் ‘சரி’ என்று பதில் போட்டதையும் வைத்துக்கொள்வது இரண்டு பேருக்குமே நல்லது.

கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில், போன் சார்ஜர். சார்ஜரை ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் சொருகிப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகள் வேலை செய்யவில்லை. ஹால் ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல். வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் விட்டார். கோப்பைக்குள் மஞ்சள் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இங்கே இறங்கவில்லை. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் இருக்குமே, அதில் ‘T’ என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சட்டென்று அணைய வேண்டும். அணைந்தது. அணையாவிட்டால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், எலக்ட்ரீஷியன்தான் முதலில்.

பிரச்னை சின்ன படுக்கையறையில் இருந்தது. பாத்ரூமை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஓதம். வீட்டுக்காரம்மா போனில் கேட்டபோது பெயின்டர் சொன்ன பதில், ‘ரெண்டு கை பட்டி பார்த்து அடிச்சுட்டா தெரியாதும்மா.’

அவர் சொன்னது பொய்யல்ல. தெரியாதுதான், ஐந்தாறு மாதத்துக்கு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது செங்கல், சிமென்ட்டில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் பூத்து நின்று, மேலே இருக்கும் பெயின்ட்டையும் பட்டியையும் தள்ளிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை அடைக்காமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் இதே கதைதான். புதிதாக வந்த குடித்தனக்காரர் ஆறாவது மாதம் போன் செய்வார். அப்போது அந்த அறையில் கட்டில், பீரோ எல்லாம் இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று இடங்களைச் சந்தேகப்பட வேண்டும். சுவரின் மேல்பகுதியில் ஓதம் என்றால் பெரும்பாலும் மொட்டைமாடி. கீழ்ப்பகுதியில், பாத்ரூமை ஒட்டி என்றால் ஒன்று சுவருக்குள் போகும் பைப், இல்லையென்றால் பாத்ரூம் தரையின் டைல்ஸ் இடுக்குகள். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் சுவரை உடைக்க ஆரம்பித்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. அந்த வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்ததால், குடித்தனக்காரர்கள் ஒரு இரவு இதைப் பயன்படுத்தாமல் விட ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் போகும் துளையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, தரையில் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் டைல்ஸ் மேல் பென்சிலால் ஒரு கோடு. படுக்கையறைச் சுவரில் ஈரத்தின் விளிம்பைச் சுற்றியும் ஒரு கோடு. காலையில் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. அடைப்பு நழுவவில்லை. படுக்கையறை ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆக, பைப் அல்ல, தரைதான். தண்ணீர் மட்டம் இறங்காமல் ஈரம் மட்டும் பரவியிருந்தால் பைப்பைச் சந்தேகப்பட வேண்டியிருந்திருக்கும்.

டைல்ஸ் இடுக்கில் இருந்த பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி கலவை வைத்து அடைக்க ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் ஆனது. அது ஜூன் இரண்டாவது வாரம். வீடு காலியாக இன்னும் இரண்டரை வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த நாட்களில் சுவர் தானாகக் காய்ந்துகொண்டிருந்தது. இதே வேலையை ஜூலை 1-ம் தேதி தொடங்கியிருந்தால், சுவர் காய்வதற்குள் ஆடி பிறந்திருக்கும். நோட்டீஸ் காலத்திலேயே பார்ப்பதில் இருக்கும் லாபம் இதுதான். பெயின்ட்டை அவசரப்படுத்தலாம், ஆளை இரண்டு மடங்காக்கலாம். சுவர் காய்வதை அவசரப்படுத்த முடியாது.

இன்னொரு விஷயம். இந்த இடுக்குகள் ஏன் இப்படிப் போயின? மாதாமாதம் ஆசிட் ஊற்றித் தேய்த்ததால்தான். ஆசிட் டைல்ஸின் கறையை மட்டும் எடுப்பதில்லை, இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் அரித்துவிடும். குழாய்களின் பளபளப்பும் போய்விடும். வீடு காலியான பிறகு ‘ஆசிட் வாஷ்’ செய்ய வரும் ஆட்களிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவருக்கு அது உயிராபத்து.

போட்டோ எங்கே?

‘டு-லெட்’ போர்டை ஜூன் 10-ம் தேதியே மாட்டியாகிவிட்டது. இணையத்திலும் விளம்பரம் கொடுத்தாயிற்று. சிக்கல் போட்டோவில். இப்போது எடுத்தால் கொடியில் காயும் துணி, பொம்மைகள், அடுக்கி வைத்த பாத்திரம் எல்லாம் விழும். அது அடுத்தவர் குடும்பம். அவர்கள் சாமான்களை இணையத்தில் போடுவதும் முறையல்ல. காலியாகும்வரை காத்திருந்தால் மூன்று வாரம் போய்விடும்.

வீட்டுக்காரம்மாவிடம் மூன்று வருடத்துக்கு முன்னால், இந்தக் குடும்பம் வருவதற்கு முதல் நாள் எடுத்த போட்டோக்கள் இருந்தன. பெயின்ட் அடித்து, சுத்தம் செய்து, சாமான் எதுவும் இல்லாத வீடு. அவற்றைப் போட்டு, ‘இவை முந்தைய முறை பெயின்ட் அடித்தபோது எடுத்தவை. ஜூலையில் மறுபடி அடிக்கப்படும்’ என்று கீழே எழுதினார். ஒளித்து வைக்காமல் எழுதியதால் நேரில் வந்தவர் யாரும் ‘போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே’ என்று திரும்பிப் போகவில்லை.

விளம்பரத்தில் மக்கள் தேடுவது எது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ‘அமைதியான சூழல், காற்றோட்டமான வீடு’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். மெட்ரோ வாட்டர் உண்டா, போர் தண்ணீர் உப்பா, மே மாதத்தில் தண்ணி லாரி கூப்பிட வேண்டியிருந்ததா, கார் நிறுத்தலாமா, பைக் மட்டுமா, லிஃப்ட் இருக்கிறதா, ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா. இவற்றை எழுதிவிட்டால் வெறுமனே விசாரிக்க வரும் போன்கள் பாதியாகக் குறையும். கூடவே, எந்தத் தேதியில் வீடு கிடைக்கும் என்பதும். இங்கே ‘ஜூலை 10-க்கு மேல், ஆனி மாதத்திலேயே பால் காய்ச்சலாம்’ என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அதிகம் பேர் அழைத்தார்கள்.

வீடு காட்டுவதற்கு சனி, ஞாயிறு காலை 10 முதல் 12 என்று குடித்தனக்காரர்களோடு பேசி வைத்துக்கொண்டார்கள். நேரம் காலம் இல்லாமல் ஆட்களை மாடிக்கு அனுப்பினால், மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குக் கோபம் வருவது நியாயம். அவர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் வீடு பார்க்க வந்தவர்களும் இரண்டாவது முறை வரமாட்டார்கள். ‘தண்ணி பிரச்னை இருக்காங்க?’ என்று வருபவர்கள் கேட்பது வீட்டுக்காரரிடம் அல்ல, குடியிருப்பவரிடம்தான்.

நான்காவதாக வந்து பார்த்த குடும்பம், கணவன், மனைவி, வயதான மாமியார், முன்பணம் கொடுத்தது. ஓதச் சுவரை அவர்களுக்குக் காட்டி, என்ன செய்திருக்கிறது, என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லி, வேலைகளின் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் வீட்டுக்காரம்மா. மாமியார் நாள் பார்த்துச் சொன்னது ஜூலை 12.

அட்வான்ஸில் எது கழியும்?

ஜூன் 30 மாலை சாமான் வண்டி கிளம்பியது. வெற்று வீட்டில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு முறை நடந்து பார்த்தார்கள். அப்போதுதான் சுவரில் பீரோ இருந்த இடத்துக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை தெரிந்தது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் காற்று போகாது, இப்படி ஆகும். துடைத்தால் போய்விட்டது. குழந்தை இருந்த அறையில் ஒரு சுவர் முழுக்க கிரேயான் ஓவியம்.

இங்கேதான் பல வீடுகளில் சண்டை தொடங்கும். ‘பெயின்ட்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்குவோம்’ என்பது சென்னையில் ஏறக்குறைய எழுதாத சட்டமாகவே இருக்கிறது. எழுதிய சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2017-ம் ஆண்டு சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பக்கம். மூன்று வருடத்தில் சுவர் மங்குவதும், காலண்டர் மாட்டிய இடம் தனியாகத் தெரிவதும் குடியிருந்ததன் அடையாளம். அதை யாரும் உடைத்துவிடவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு இதில் மனம் ஒப்பவில்லை என்பதும் உண்மை. ‘எங்களுக்கும் பென்ஷனும் இந்த வாடகையும்தானே’ என்றார். கடைசியில் பெயின்ட்டுக்குக் கழிக்கவில்லை. கிரேயான் சுவரை மட்டும் தனியாகப் பேசினார்கள். கிரேயான் என்பது மெழுகு. அதன் மேல் எமல்ஷன் ஒட்டாது. சாயமும் ஒவ்வொரு கோட்டிங்கிலும் வெளியே எட்டிப் பார்க்கும். வெந்நீரில் சோப்பு போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஆயில் பிரைமர் ஒரு கை அடித்த பிறகே பெயின்ட். அந்தக் கூடுதல் வேலைக்கு 1,500 ரூபாய் என்று குழந்தையின் அம்மாவே ஒப்புக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி 600, இரண்டு சுவிட்ச் 200.

மீதி இருந்தது கரன்ட் பில். மின்வாரியம் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஜூனில் ரீடிங் எடுத்த பிறகு அவர்கள் இருந்த நாட்களுக்கான பில், ஆகஸ்ட்டில் புதுக் குடித்தனத்தின் பில்லோடு சேர்ந்துதான் வரும். அதனால் காலி செய்த அன்று மீட்டரை போட்டோ எடுத்து, அதுவரை ஓடிய யூனிட்டுக்கு ஒரு தொகை பேசிக்கொண்டார்கள், 1,200. நாள் கணக்கில் பிரிப்பதைவிட யூனிட் கணக்கில் பிரிப்பது நியாயமானது. ஏ.சி ஓடிய வீட்டின் ஒரு நாளும் பூட்டிய வீட்டின் ஒரு நாளும் ஒன்றல்ல.

ஆக மொத்தம் 3,500 கழித்து, 50,500 ரூபாயை ஜூலை 5-ம் தேதி வங்கிக் கணக்கில் போட்டார் வீட்டுக்காரம்மா. சட்டம் கொடுக்கும் அவகாசம் ஒரு மாதம். புதியவர் கொடுத்த அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் பழையவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். அட்வான்ஸை எடுத்துச் செலவழித்துவிட்டால் வீடு காலியாகும்போது கழுத்தில் சுருக்கு விழும். அது குடியிருந்தவரின் பணம்.

சமையலறை முதலில்

ஜூலை 1, 2 தேதிகளில் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வந்து போனார்கள். சுவரில் கை வைக்கும் வேலை, துளை போடும் வேலை எதுவானாலும் பெயின்டருக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். புது பெயின்ட்டின் மேல் எலக்ட்ரீஷியனின் கை ரேகை பதிந்தால் அதைத் தனியாகத் தொட்டு அடித்தாலும் திட்டாகத் தெரியும்.

ஓதச் சுவரில் உப்பிய பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்தார்கள். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. வெறும் சுவரின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டி, ஒரு நாள் விட்டார்கள். எடுத்துப் பார்க்கும்போது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் துளி இருந்தால் அது காற்றின் ஈரம், பயமில்லை. இங்கே இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. இருந்தாலும் அந்த அறையைக் கடைசியாகத்தான் அடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அதுவரை ஜன்னல் திறந்து, ஃபேன் ஓடியது.

பெயின்டர்கள் இரண்டு பேர் 3-ம் தேதி வந்தார்கள். அவர்கள் வழக்கப்படி உள் அறையில் தொடங்கி வாசலில் முடிக்கப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா, ‘தம்பி, சமையலறையையும் ஹாலையும் முதல்ல முடிச்சுடுங்க’ என்றார். காரணம் இதுதான். பால் காய்ச்சத் தேவைப்படுவது அடுப்பு மேடையும் சாமி படம் வைக்க ஓர் இடமும். ஏதாவது தடங்கல் வந்து அறைகள் பாதியில் நின்றாலும், ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட்டால் சாமானை ஆடியில் கொண்டுவருவதில் பலருக்கு ஆட்சேபம் இருப்பதில்லை.

தடங்கல் வந்தது. ஆனி முகூர்த்த மாதம் அல்லவா? பெரிய பெயின்டருடைய அக்கா மகள் கல்யாணம். 6, 7 இரண்டு நாளும் ஆள் இல்லை. 9 நாளில் முடிய வேண்டிய வேலை 11 நாளானது. அதற்கு முன்பே பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்திருந்ததால் அந்த இரண்டு நாளும் அவை நன்றாகக் காய்ந்தன என்பது மட்டும் ஆறுதல். பட்டி காயாமல் அதன்மேல் அடிப்பதுதான் அவசர வேலைகளில் நடக்கும் பெரிய தவறு. சில மாதத்தில் அது ஏடு ஏடாக உரியும்.

8, 9 தேதிகளில் இரண்டு கோட் எமல்ஷன். எமல்ஷன் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டால் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அடிக்கலாம். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் அப்படியல்ல. ராத்திரி முழுக்கக் காய வேண்டும். வாடையும் போக வேண்டும். வயதானவர் வரும் வீடு என்பதால் அதை 10-ம் தேதிக்கு மேல் தள்ளவில்லை.

சுத்தம் செய்யும் ஆள் 11-ம் தேதிதான் வந்தார். பலர் வீடு காலியான மறுநாளே முழுச் சுத்தம் செய்துவிட்டு, பெயின்ட் அடித்த பிறகு இன்னொரு முறை காசு கொடுக்கிறார்கள். முதலில் ஒரு முறை பெருக்கி, சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் எடுத்துவிட்டால் போதும். பிசுக்கின் மேல் பெயின்ட் பிடிக்காது என்பதற்காக அது. மற்றதெல்லாம் கடைசி நாளில். டைல்ஸில் விழுந்த பெயின்ட் துளிகளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு பிளேடால் தட்டையாகச் சுரண்டினால் கீறல் விழாமல் வந்துவிடும்.

பூட்டு கடைசியில்

அந்த வீட்டின் சாவிகள் எத்தனை பேரிடம் இருந்தன? குடித்தனக்காரரிடம் மூன்று கொடுத்தது, திரும்பி வந்தது இரண்டு. மூன்றாவது வேலைக்கு வரும் அம்மாவிடம் இருந்து, எங்கேயோ போய்விட்டது. அப்புறம் பிளம்பர், பெயின்டர். இவர்களில் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால், புதிதாக வருபவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

வீடு காலியானதும் முதல் வேலையாகப் புதுப் பூட்டு போட்டுவிடுகிறார்கள் சிலர். அதன் சாவி பத்து நாள் வேலையாட்களிடம் சுற்றினால் புதுப் பூட்டுக்கு என்ன அர்த்தம்? இங்கே வேலை நடந்த நாட்களில் வெளி கிரில்லில் ஒரு சாதாரண தொங்குபூட்டு, அதன் சாவி பெயின்டரிடம். மரக்கதவின் பூட்டைத் தொடவே இல்லை.

கதவுக்குள் பதிந்திருக்கும் பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் பக்கவாட்டு விளிம்பில், சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியை உள்ளே விட்டுக் கொஞ்சமாகத் திருப்பினால் சிலிண்டர் கையோடு வெளியே வந்துவிடும். திருப்பாமல் இழுத்தால் நடுவில் இருக்கும் நாக்கு தடுக்கும். வராது. கழற்றியதைக் கடைக்கு எடுத்துப் போவது நல்லது. 60 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர் என்று நீளம் மாறும். ஸ்க்ரூ துளையிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு என்பதும் மாறும். நீளம் கூடினால் கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், திருடனுக்குப் பிடி கொடுக்கும்.

12-ம் தேதி காலை பால் காய்ச்ச வந்த குடும்பத்தின் முன்னால்தான் அந்தச் சிலிண்டர் மாட்டப்பட்டது. சாவிப் பாக்கெட்டை அவர்களே பிரித்து, ஐந்து சாவி என்று எண்ணி எடுத்துக்கொண்டார்கள். மொட்டைமாடிக் கதவு, லெட்டர் பாக்ஸ் ஆகியவற்றின் பூட்டும் மாற்றியாயிற்று. மீட்டர் ரீடிங் மறுபடி ஒரு போட்டோ. 1-ம் தேதிக்கும் 12-ம் தேதிக்கும் நடுவே ஓடிய யூனிட் வீட்டுக்காரம்மா கணக்கு. வாடகை 12-ம் தேதியிலிருந்து ஓடத் தொடங்கியது. காலியாகக் கிடந்தது 11 நாள், இழப்பு 6,600 ரூபாய்.

11-ம் தேதி மாலை, தரை காய்ந்த பிறகு, எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒன்று, எதிர் மூலையில் நின்று ஒன்று என்று போட்டோ எடுத்து வைத்திருக்கிறார் வீட்டுக்காரம்மா. அடுத்த முறை ‘டு-லெட்’ போடும்போது அவை வேண்டும். மிச்சமிருந்த பெயின்ட் டப்பாக்களை இறுக மூடி, எந்த அறைக்கு எந்த ஷேடு நம்பர் என்று ஸ்கெட்ச் பேனாவால் மேலே எழுதி, தன் வீட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். டப்பாவில் பெயின்ட் கெட்டியாகிப் போனாலும் நம்பர் இருக்கும்.